கணக்கு நோட்டைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிறேன்

"கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். மூணு மாசமா கணக்கு எழுதவில்லை. நோட்டை எடுத்தால் களை பிடுங்கப் போய்விடுகிறேன். சோம்பேறியா நான்?"

இல்லை, சோம்பேறி பனியில் குனிந்து களை பிடுங்க மாட்டான். நீங்கள் தள்ளிப்போடுவது வேலையை அல்ல, கூட்டிப் பார்த்தால் நஷ்டம் தெரிந்துவிடுமோ என்கிற பயத்தை. எழுந்ததும் நெஞ்சு லேசாகிறது இல்லையா, அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் உங்களை எழுப்பிவிடுகிறது.

நாளைக்கு ஒன்று செய்து பாருங்கள். பில்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள், பத்து நிமிடம், கூட்டவே கூடாது. அது சுலபமாக நடந்தால் தடை அந்த மொத்தத் தொகையில்தான். அப்புறம் ஒரு வாரத்துக்கு மட்டும் கூட்டுங்கள், பதறினால் "பயமா இருக்கு" என்று ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடருங்கள். (என் நோட்டு ஓரமெல்லாம் அதுதான்.)

ஆனால் பிடித்த வேலையும் ஓடாமல், தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் இது வேறு விஷயம். டாக்டரைப் பாருங்கள், அல்லது மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள், இலவசம்தான்.