கண் பார்க்க வராத பழைய வாடிக்கையாளருக்கு என்ன மெசேஜ் அனுப்புவது? கேள்வி-பதில்

கே: இருபது வருஷமாக நம் கடையில்தான் கண்ணாடி எடுத்தவர். 2017-க்குப் பிறகு கண் பார்க்க வரவில்லை. "உங்கள் கண் பரிசோதனைக்கான நேரம் வந்துவிட்டது" என்று வாட்ஸாப்பில் மூன்று முறை அனுப்பிவிட்டேன். பதிலே இல்லை. எப்படி எழுதினால் வருவார்? (கண்ணாடிக் கடை உரிமையாளர், கும்பகோணம்)

முதலில் மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் வழியாக அனுப்பியிருந்தால், உங்கள் கடை நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போகும். எட்டு வருஷத்தில் அவர் போனை மாற்றியிருப்பார், உங்கள் நம்பர் பழைய போனோடு போயிருக்கும். ஒற்றை டிக்கோடு நிற்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்டவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புவதுதான் வழி.

போய்ச் சேர்ந்தும் பதில் இல்லை என்றால், அந்த வாசகம் அவரைப் பற்றியதாக இல்லை என்று பொருள். எழுதுவதற்கு முன் அவருடைய பழைய கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 2017-ல் வயது 43, வலது மைனஸ் 2, இடது மைனஸ் 2.25, ரீடிங் ஆட் 1, பைஃபோகல்.

இப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. படிப்பதற்காகத் தூரப் பவரோடு கூட்டும் பவர்தான் ஆட்; இந்த வயதுக்கு அது 1.75 முதல் 2 வரை தேவைப்படும். பழைய கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் இருப்பதோ 1. மாத்திரை அட்டையில் உள்ள பொடி எழுத்து அதில் தெரியாது. ஆனால் அவர் கஷ்டப்படவில்லை, கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார். மைனஸ் 2 உள்ள கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் 50 செ.மீ. தூரம் தெளிவாகத் தெரியும். கழற்றினாலே ஆட் 2 போட்ட மாதிரிதான். தூரப் பவர் இந்த வயதில் பெரிதாக மாறுவதில்லை என்பதால் வண்டி ஓட்டவும் பழைய கண்ணாடியே போதுமாக இருக்கிறது. ஆக, "பார்வை மங்கலாக இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பார். பொய்யும் இல்லை. அவர் வராததற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை, அவருடைய கண்ணே அவருக்கு ஒரு குறுக்குவழி கொடுத்திருக்கிறது.

அதனால் அவர் தினமும் செய்கிற ஒரு செயலைக் கேளுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

> வணக்கம் சார். பெரிய தெரு கண்ணாடிக் கடையிலிருந்து. 2017 ஆகஸ்ட்டில் நம்ம கடையில் கண் பார்த்து பழுப்பு ஃப்ரேம் பைஃபோகல் எடுத்தீங்க. அதுக்கப்புறம் பார்த்ததா எங்க கார்டில் இல்லை. வேற இடத்தில் பார்த்திருந்தா 'பார்த்தாச்சு'ன்னு ஒரு வரி போடுங்க, குறிச்சுக்கிறோம்.
>
> பார்க்கலைன்னா ஒண்ணு கேட்கிறேன்: போன் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றுறீங்களா? அப்படின்னா ரீடிங் பவர் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். கண் அழுத்தமும் சேர்த்துப் பார்த்திடலாம், அரை மணி நேரம் ஆகும். பழைய கண்ணாடியை மட்டும் கொண்டு வாங்க. செவ்வாய் அல்லது வியாழன் காலை 11 மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. எது வசதி?

பழுப்பு ஃப்ரேம் என்ற ஒரு சொல் போதும், இது ஊருக்கெல்லாம் போன மெசேஜ் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். 'பார்த்தாச்சு' என்று சொல்ல இடம் கொடுப்பதும் முக்கியம். இத்தனை வருஷத்தில் அவர் வேறு கடைக்குப் போயிருக்கலாம், அதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் பதில் போடாமல் விடுகிறார்கள். கடைசியில் இரண்டு நாளைச் சொல்லி எது என்று கேட்டால், "ஒரு நாள் வர்றேன்" என்று தள்ளிப்போட முடியாது.

"எட்டு வருஷமா வரவே இல்லையே" என்கிற தொனி மட்டும் எங்கும் வந்துவிடக் கூடாது. தேதியைச் சொன்னாலே போதும், கணக்கை அவரே போட்டுக்கொள்வார்.

கே: தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு மெசேஜுக்கு மூன்று மெசேஜ் காசு பிடிக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து கொள்ளும். தமிழில் 70தான். அதைத் தாண்டினால் துண்டுகளாகப் பிரியும், ஒவ்வொரு துண்டிலும் 67. அதோடு, நாம் எண்ணுகிற எழுத்தும் அவர்கள் எண்ணுகிற எழுத்தும் ஒன்றல்ல. 'கண் பரிசோதனை' என்பது நமக்கு ஏழு எழுத்து, ஒரு இடைவெளி. அவர்கள் கணக்கில் 12. புள்ளி, கொக்கி, கொம்பு எல்லாம் தனித்தனியாகச் சேரும்.

அதனால் எஸ்எம்எஸ்ஸில் மேலே சொன்ன வாசகத்தை அடைக்கப் பார்க்காதீர்கள். கடைப் பெயர், கடைசியாகப் பார்த்த வருஷம், போன் நம்பர் மட்டும் போதும். மொத்தமாக அனுப்புவதாக இருந்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் கடையையும், அனுப்புநர் பெயரையும், வாசகத்தையும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் பெயர், தேதி மாதிரி ஆளுக்கு ஆள் மாறும் இடங்களை, மாறும் இடம் என்று குறித்துப் பதிய வேண்டும். பதிந்த வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பினாலும் மெசேஜ் போகாமல் நின்றுவிடும். "நேற்று வரைக்கும் போச்சு, இன்னைக்குப் போகலை" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கே: "சுகர் இருப்பவர்கள் பார்வையை இழக்கலாம்" என்று கொஞ்சம் பயமுறுத்தினால்தான் வருகிறார்கள். எழுதலாமா? (கடை ஊழியர், திருநெல்வேலி)

பொதுப் போஸ்டரில் எழுதுங்கள், பெயர் போட்ட மெசேஜில் வேண்டாம். அந்தப் போனை வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பார்கள். அவருக்குச் சுகர் இருப்பது மருமகளுக்குத் தெரிய வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பவர் எண்களுக்கும் இதே விதிதான், பெண் பார்க்கும் வீடாக இருந்தால் அதன் கனம் உங்களுக்கே தெரியும்.

நோயைச் சொல்லாமலே அவசரத்தைச் சொல்லலாம். "கண் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, உங்கள் கார்டில் ஆண்டுக்கு ஒருமுறை என்று குறித்திருக்கிறோம்" என்றால் சுகர் உள்ளவருக்குப் புரியும். சுகர் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ நடைமுறை. அதைக் கண் மருத்துவர்தான் செய்ய வேண்டும். கடையில் பவர் பார்த்ததோடு அது முடிந்துவிட்டதாக வாடிக்கையாளர் நினைக்கும்படி எழுதினால் தவறு உங்களுடையது.

கண் அழுத்தத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. கண் நரம்பைக் கெடுக்கும் க்ளாகோமாவில் ஓரப் பார்வைதான் முதலில் போகும், பெரும்பாலும் வலி இருக்காது. சென்னையில் நடந்த க்ளாகோமா ஆய்வில் அந்த நோய் இருந்தவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. காற்று ஊதும் கருவியில் அழுத்தம் சரியாக வந்தாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது, அழுத்தம் சாதாரணமாக இருக்கும்போதே நரம்பு கெடுபவர்கள் உண்டு. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இருந்தால் நேராக மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.

கே: வயது 62. கண்ணாடிக் கடையிலிருந்து "ஆறு வருஷம் ஆகிவிட்டது, வாருங்கள்" என்று மெசேஜ். எனக்கோ ஆறு மாதமாகக் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க முடிகிறது. கண் தானாகச் சரியாகிவிட்டது. போக வேண்டுமா? (வாசகர், சேலம்)

கட்டாயம் போங்கள். வெள்ளெழுத்து தானாகச் சரியாவதில்லை.

இந்த வயதில் இப்படித் திடீரென்று கிட்டத்துப் பார்வை தெளிந்தால், பெரும்பாலும் காரணம் கண்புரை. லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது அது ஒளியை முன்னைவிட அதிகமாக வளைக்கிறது, அதனால் கண் மைனஸ் பக்கம் நகர்கிறது. கிட்டத்தில் தெளிவாகத் தெரியும், தூரம் மங்கும். நீங்களே சோதித்துப் பாருங்கள்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு பஸ் போர்டைப் படியுங்கள், பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு படியுங்கள். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு சிதறித் தெரிகிறதா என்றும் கவனியுங்கள். தூரம் மங்கியிருந்தால் விஷயம் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினாலும் பவர் தற்காலிகமாக மாறும். சுகர் பார்த்து நாளாகிவிட்டதென்றால் முதலில் அதைப் பாருங்கள். அது கட்டுக்குள் வந்து சில வாரம் கழித்துத்தான் புதுக் கண்ணாடிக்குப் பவர் எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் அந்தக் கண்ணாடி பிறகு ஒத்துவராது, கடைக்காரரிடம் சண்டைதான் மிஞ்சும்.

உங்களைப் பொறுத்தவரை கடைக்கு முன் கண் மருத்துவர். சொட்டு மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். வண்டியை நீங்கள் ஓட்டிப் போகாதீர்கள்.

கே: எத்தனை வருஷம் ஆனால் மெசேஜ் அனுப்பலாம்? எல்லோருக்கும் ஒரே கணக்கா?

இல்லை. எந்த நோயும் இல்லாதவருக்கு 40 முதல் 54 வயதுவரை இரண்டு முதல் நான்கு ஆண்டு, 55 முதல் 64 வரை ஒன்று முதல் மூன்று, 65-க்கு மேல் ஒன்று அல்லது இரண்டு. சுகர் இருந்தால் எந்த வயதானாலும் ஓராண்டு. கார்டில் பிறந்த வருஷத்தை எழுதி வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு வரும். "வயது 43" என்று மட்டும் எழுதிய கார்டை வைத்துக்கொண்டு திண்டாடும் கடைகளே அதிகம்.

கே: "பரிசோதனை இலவசம், ஃப்ரேமில் 50% தள்ளுபடி" என்று சேர்த்தால் கூட்டம் வருமே?

வரும், ஃப்ரேமுக்கு வரும். நீங்கள் கூப்பிட நினைத்தவர் "கண்ணாடி விற்கத்தான் கூப்பிடுகிறார்கள்" என்று படித்துவிட்டு மூடிவிடுவார், இத்தனை வருஷம் அவர் வராததற்குப் பாதிக் காரணம் அந்தச் சந்தேகமாகவும் இருக்கலாம். தள்ளுபடியைத் தனி மெசேஜாக வேறொரு மாதம் அனுப்புங்கள். பழைய வாடிக்கையாளருக்கு எழுத விரும்பினால் இதை எழுதலாம்: "பவர் மாறவில்லை என்றால் பழைய கண்ணாடியே போதும் என்று சொல்லிவிடுவோம்." எழுதினால் அப்படியே செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கே: நினைவூட்டல் அனுப்பினோம். "அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது" என்று மகள் பதில் போட்டார். என்ன செய்வது?

அன்றே நீங்களே போன் செய்து வருத்தம் தெரிவியுங்கள், ஊழியரிடம் விடாதீர்கள். பேச்சில் கண் பரிசோதனையும் வேண்டாம், கடையும் வேண்டாம். கார்டை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பல கடைகளில் கணினியில் ஒரு பட்டியலும், ஊழியர் போனில் இன்னொரு பட்டியலும் இருக்கும். ஒன்றில் நீக்கி மற்றதில் விட்டால் அடுத்த தீபாவளிக்கு அதே வீட்டுக்கு வாழ்த்து போகும்.

ஐந்து வருஷத்துக்கு மேல் வராதவர், 70 வயது தாண்டியவர் என்றால் முதல் தொடர்பை மெசேஜில் வைக்காமல் போனில் வைத்துக்கொள்ளுங்கள். எடுப்பவரிடம் "ஐயா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டாலே மற்றது தெரிந்துவிடும்.