பங்கைத் திரும்ப வாங்கினால் மூலதன மீட்புக் காப்பு எதற்கு?

கேள்வி: எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி, 10 ரூபாய் முகமதிப்புள்ள 10,000 பங்குகளைத் தலா 60 ரூபாய்க்குத் திரும்ப வாங்கியது. 6 லட்சத்தையும் பங்கு மூலதனத்தில் பற்று வைத்துவிட்டேன். ஆடிட்டர் தவறு என்கிறார், மூலதன மீட்புக் காப்பு எங்கே என்றும் கேட்கிறார். வாங்கும் முன் மூலதனம் 10 லட்சம், பத்திர முனைமம் 2 லட்சம், பொதுக்காப்பு 15 லட்சம், லாப நட்டக் கணக்கில் 5 லட்சம் இருந்தது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: ஆடிட்டர் சொல்வது சரி. ரத்தாவது 10,000 பங்குகள். அவற்றின் முகமதிப்பான 1 லட்சம்தான் மூலதனத்திலிருந்து குறைய வேண்டும். மீதி 5 லட்சம் நீங்கள் கூடுதலாகக் கொடுத்த விலை. அதைப் பத்திர முனைமத்திலும் காப்புகளிலும்தான் கழிக்க முடியும். அது நட்டம் அல்ல, அதனால் அந்த ஆண்டின் செலவாகக் காட்டிவிடாதீர்கள்.

ஆகவே முதல் திருத்தப் பதிவில் பத்திர முனைமத்துக்கு 2 லட்சமும் பொதுக்காப்புக்கு 3 லட்சமும் பற்று வைத்து, பங்கு மூலதனத்துக்கு 5 லட்சம் வரவு வையுங்கள். வங்கிப் பதிவு சரியாகவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

அப்புறம் காப்பு விஷயம். மூலதனம் என்பது கடன் கொடுத்தவர்கள் நம்பியிருக்கும் அடித்தளம். லாபத்தைச் செலவழித்துப் பங்குகளை வாங்கி மூலதனத்தைக் குறைத்தால், அதே அளவு லாபத்தை டிவிடெண்டாகப் போகாதபடி பூட்டி வைக்க வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 69 சொல்வது இதைத்தான். பூட்ட வேண்டியது முகமதிப்புக்குச் சமமான தொகையை மட்டும். கொடுத்த 6 லட்சத்துக்கோ, கூடுதல் விலையான 5 லட்சத்துக்கோ காப்பு உருவாக்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. பொதுக்காப்புக்கு 1 லட்சம் பற்று, மூலதன மீட்புக் காப்புக்கு 1 லட்சம் வரவு, அவ்வளவுதான். இதில் பணம் எங்கும் நகர்வதில்லை.

இப்போது பேரேட்டைப் பாருங்கள். மூலதனம் 9 லட்சம், மீட்புக் காப்பு 1 லட்சம், பொதுக்காப்பு 11 லட்சம், லாப நட்டக் கணக்கு 5 லட்சம். மொத்தம் 26 லட்சம், அதாவது பழைய 32 லட்சத்தில் கொடுத்த 6 லட்சம் போக மீதி. மூலதனமும் மீட்புக் காப்பும் சேர்ந்து பழைய 10 லட்சத்தைத் தருகின்றனவா என்று பாருங்கள். உங்களைப் போல முழுக்கக் காப்புகளிலிருந்து வாங்கியவர்களுக்கு இது வராவிட்டால், எங்கோ தவறு இருக்கிறது.

தீர்மானத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். மூலதனமும் காப்புகளும் சேர்ந்த 32 லட்சத்தில் 10 சதவீதமான 3.2 லட்சம் வரைதான் இயக்குநர் குழுத் தீர்மானம் போதும். 6 லட்சத்துக்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். உச்ச வரம்பு 25 சதவீதம், அதாவது 8 லட்சம், அதற்குள் இருக்கிறீர்கள். சிறப்புத் தீர்மானம் இல்லையென்றால் அது பேரேட்டில் திருத்தக்கூடிய பிழை அல்ல, உடனே கம்பெனி செயலரிடம் போங்கள்.

இருப்புநிலைக் குறிப்பில் மீட்புக் காப்பைத் தனி வரியாகக் காட்டுங்கள். பின்னாளில் அதை முழுதும் செலுத்தப்பட்ட போனஸ் பங்குகள் தருவதற்குப் பயன்படுத்தலாம்.