பிஎம்யூ சொல்வதா, ஸ்காடா சொல்வதா?

“ஸ்காடாவில் 10 விநாடி அலை; பிஎம்யூவில் 0.4 ஹெர்ட்ஸ். எது நிஜம்? இரண்டு துணைமின் நிலையங்களும் எதிரெதிராக ஆடுவது ஏன்?”

பிஎம்யூவை நம்புங்கள்; அது மின்னழுத்த அலையை விநாடிக்குப் பலமுறை, துல்லியமான நேரமுத்திரையோடு அளக்கும் கருவி. மின்கட்டமைப்பைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் உங்கள் ஸ்காடா 4 விநாடிக்கு ஒருமுறைதான் அளவெடுக்கிறது என்றால், 2.5 விநாடிக்கு ஒருமுறை ஆடும் அலை அதில் 10 விநாடி அலையாகத்தான் விழும். அது நிழல், நிஜமில்லை.

எதிரெதிர் ஆட்டம்தான் கவனிக்க வேண்டியது. இரு பகுதி ஜெனரேட்டர்கள் இணைப்புக் கம்பிவழி ஒன்றையொன்று எதிர்த்து ஆடும்போது இப்படித்தான் தெரியும். ஆனால் முதலில் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கப்படும் லீப் விநாடிக்கான அமைப்பு தவறி, ஒரு கருவியின் நேரமுத்திரை சரியாக 1 விநாடி பிசகியிருந்தால், 0.4 ஹெர்ட்ஸ் அலை 144 பாகை நகர்ந்துவிடும். சேர்ந்து ஆடுபவை ஏறத்தாழ எதிரெதிராகத் தெரியும். இதில் ஒரு தந்திரம் உண்டு: 50 ஹெர்ட்ஸில் 1 விநாடி என்பது முழுதாக 50 சுற்று. அதனால் அலை சுற்றில் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஃபேசர் கோணம் அப்பாவி போல நிற்கும். அதிர்வெண் 49.95 ஆனதும் கோண வித்தியாசம் 18 பாகை தாவும். கோண வித்தியாசம் அதிர்வெண்ணையே பின்தொடர்ந்தால் பிழை கடிகாரத்தில்தான்.

இன்னொரு சோதனை: அண்மையில் ஏதாவது லைன் பழுதாகியிருந்தால் இரு பதிவுகளிலும் மின்னழுத்தச் சரிவைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் பிஎம்யூவின் ஓரிரு அளவீட்டுச் சட்டகங்களுக்குள் ஒன்றாக விழ வேண்டும். விழுந்தால் எதிராட்டம் உண்மை. அடுத்து, அது தேய்கிறதா வளர்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தால் அந்தக் கம்பியில் செல்லும் மின்திறனை உடனே குறைக்கச் சொல்லுங்கள்.