அறுபது நொடியில் ஒரு புது யோசனையை எடுத்துச் சொல்வது: கேள்வி பதில்

கேள்வி: மருந்துக்கடை ஃப்ரிட்ஜின் சூட்டைக் கண்காணிக்கும் கருவி செய்திருக்கிறேன். சென்சார், பேட்டரி, சிம் என்று சொல்லி வருவதற்குள் நிமிடம் முடிந்துவிடுகிறது. எதைக் குறைப்பது?

பதில்: கருவியைத்தான். தேவைக்கு 25 நொடி, யோசனைக்கு 15, பயனுக்கு 15, கடைசி 5 நொடி நீங்கள் கேட்க வந்ததற்கு. சிக்கல் மனசில் உறைக்காதவரை சென்சார் பேச்சு யாருக்கும் ஏறாது. அதனால்தான் தேவைக்கு அதிகப் பங்கு. உங்களுடையதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். ராத்திரி பல மணி நேரம் கரண்ட் போய், விடிவதற்குள் வந்துவிட்டால், காலையில் கடை திறப்பவருக்கு ஃப்ரிட்ஜ் ஜில்லென்றுதான் இருக்கும். நடுவில் எவ்வளவு சூடேறியது என்று தெரியாது. எங்கள் கருவி கரண்ட் இல்லாதபோதும் ஓடும். 8 டிகிரி தாண்டியதும் உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறியது என்ற கணக்கு கையில் இருப்பதால், எதை ஒதுக்குவது என்று குத்துமதிப்பாக முடிவெடுக்க வேண்டாம். இரண்டு வாரம் உங்கள் கடையில் வைத்துப் பார்க்கலாமா?"

பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதை அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: பயனை முதலில் சொன்னால் உடனே காது கொடுப்பார்களே?

பதில்: பாதி சரி. அந்தச் சிக்கலில் ஏற்கெனவே அடிபட்ட கடைக்காரரிடம் எடுபடும். கடை நடத்தாத முதலீட்டாளருக்கோ அது வெறும் விளம்பரமாகத்தான் கேட்கும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. 'ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும்' என்பதைப் பயன் என்று நினைத்துவிடுகிறார்கள். அது கருவியின் குணம். 'அதனால் எனக்கு என்ன?' என்று எதிரில் இருப்பவர் இன்னும் கேட்க முடிந்தால், நீங்கள் பயனுக்கு வந்து சேரவில்லை. 15 நொடியில் ஒரு பயன்தான் நிற்கும். அதுவும் கேட்பவருடையதாக இருக்க வேண்டும்.

கேள்வி: பத்து ஸ்லைடு வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு ஆறு நொடி போதுமா?

பதில்: ஸ்லைடே வேண்டாம், இது வாயால் சொல்வது. எழுதியதை நின்றபடி உரக்கச் சொல்லி, போனில் பதிவு செய்து நேரம் பாருங்கள். 50 நொடிக்குள் முடிந்தால் சரி. எதிரில் ஆள் இருந்தால் இடையில் ஒரு கேள்வியாவது வரும், மீதி அதற்குப் போய்விடும்.

கேள்வி: "தெர்மாமீட்டர் இருக்கிறதே" என்று மடக்கினால்?

பதில்: யோசனையை எடுத்துச் சொல்ல எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் உருவாக்கிய முறையில் தேவை, அணுகுமுறை, பயன் என்பவற்றோடு போட்டியும், அதாவது ஏற்கெனவே இருக்கும் மாற்று வழிகளும், நான்காவதாக உண்டு. அதை 60 நொடிக்குள்ளேயே திணிக்க வேண்டுமா என்பதில் ஒத்த கருத்து இல்லை. நான் வெளியே வைப்பேன், ஆனால் ஒரு வரி பதில் தயாராக இருக்க வேண்டும். 'தெர்மாமீட்டர் ராத்திரியைக் காட்டாது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதிகபட்சத்தைப் பிடித்து வைக்கும் தெர்மாமீட்டர் உண்டு, விவரம் தெரிந்தவர் அங்கேயே நிறுத்திவிடுவார். 'அது எவ்வளவு ஏறியது என்று காட்டும், எவ்வளவு நேரம் நீடித்தது என்று காட்டாது' என்பதே சரியான வரி.