கடையில் மட்டும் ஏன் இந்த ஆர்ப்பாட்டம்?

"என் பையனுக்கு ரெண்டே கால் வயசு. நானும் அவங்கப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போறோம். பகலெல்லாம் எங்க அம்மாகிட்டதான் இருப்பான். வீட்டில் சமத்து. ஞாயித்துக்கிழமை கடைக்குக் கூட்டிட்டுப் போனா மட்டும் கீழே விழுந்து உருண்டு அழறான். போன மாசம் அப்படி அழுதப்ப மூச்சு நின்னு, உதடு நீலமாகி, துவண்டுட்டான். கொஞ்ச நேரத்தில் சரியாயிருச்சு. சோறு சரியா திங்கறதில்லை, பால்தான் குடிக்கிறான். 'அம்மாயி பாலு', 'பஸ்ஸு போச்சு'ன்னு நல்லா பேசறான். ஆனா போனில் தேடினா ஆட்டிசம்னு வருது. கடைக்குப் போறதுக்கு முன்னாடி சளி சிரப் குடுத்தா தூங்கிருவான்னு பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க, ரெண்டு தடவை குடுத்தோம். என்னங்க பண்றது?"
வாசகி, அவிநாசி

முதலில் ரத்தப் பரிசோதனை. இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கடையில் உருளுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உதடு நீலமானதை நடுவில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். ஆனால் அன்றிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. எந்தத் தாயும் பயப்படத்தான் செய்வாள். அங்கே நடந்தது இதுதான். கோபத்தில் வீறிட்டு அழும் குழந்தை மூச்சை முழுக்க வெளியே விட்டுவிடும். திரும்ப இழுக்காமல் அப்படியே நிற்கும். வாய் திறந்திருக்கும், சத்தம் வராது, உதடு நீலம் பாயும், சில பிள்ளைகள் துவண்டு விழும். துவண்ட உடனே உடம்பு தானாக மூச்சை இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இது வலிப்பு அல்ல, இதனால் மூளைக்குக் கெடுதல் வராது. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் வந்து, தானாகவே போய்விடும். முக்கியமாக, அவன் வேண்டுமென்று மூச்சை அடக்கவில்லை. அது அவன் கையில் இல்லை.

மறுபடி வந்தால் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் மிட்டாயோ முறுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான். முகத்தில் தண்ணீர் அடிப்பது, தூக்கிக் குலுக்குவது, கையில் சாவியைத் திணிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். துவண்ட பிள்ளையின் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும்.

இப்போது நான் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இப்படி மூச்சு நின்றுபோகிற பிள்ளைகள் பலருக்கு இரும்புச்சத்து குறைவாக இருக்கும். அதைச் சரிசெய்தால் மூச்சு நிற்பது குறையும், பலருக்கு நின்றே போகும். இரும்பு குறைந்த பிள்ளை சிடுசிடுவென்றும் இருக்கும், சோற்றையும் ஒதுக்கும். உங்கள் மகன் பாலிலேயே வளர்கிறான். பாலில் இரும்பு அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். அதோடு வயிற்றை நிறைத்துச் சோறு, பருப்பு, முட்டைக்கு இடமில்லாமல் செய்துவிடும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். மாடு கட்டியிருக்கும் வீட்டுப் பிள்ளையும் இதில் அடக்கம்.

ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் 12-க்குக் கீழே இருந்தாலும் உடம்பில் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், மருந்து வேண்டும். அளவை எடை பார்த்து மருத்துவர் எழுதித் தரட்டும். மெடிக்கலில் ஒரு டானிக் வாங்கி நீங்களாக ஊற்றாதீர்கள். இரும்பு மருந்து அளவு மீறினால் குழந்தைக்கு விஷம், பாட்டிலைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். அங்கன்வாடியில் வாரம் இரண்டு முறை தரும் 1 மில்லி இரும்புச் சிரப் குறைபாடு வராமல் தடுப்பதற்கானது, வந்த பிறகு அது போதாது. பாலை இரண்டு டம்ளருக்குள், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அம்மாயிக்குத்தான் மனசு கேட்காது. அந்தப் பசிதான் அவனைக் கம்பஞ்சோற்றுக்கும் கொள்ளுப் பருப்புக்கும் கோழி ஈரலுக்கும் கொண்டுவரும்.

அழாமலே, விளையாடும்போதோ ஓடும்போதோ திடுக்கிட்டோ இப்படித் துவண்டு விழுந்தால் கதை வேறு. ஒரு நிமிடத்துக்கு மேல் நினைவு திரும்பாவிட்டாலும், குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென இறந்தவர் இருந்தாலும் அப்படித்தான். அப்போது அன்றைக்கே மருத்துவமனை போய் இசிஜி எடுக்க வேண்டும்.

ஆட்டிசம் பயத்தை விடுங்கள். இரண்டே கால் வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறான். பஸ் போவதை உங்களிடம் சொல்லிப் பங்கு போட்டுக்கொள்கிறான். கடையில் அழுவது ஆட்டிசத்தின் அடையாளமும் அல்ல, பேசிய பேச்சை மறந்துபோவது போன்றவைதான் அடையாளம். அப்படி ஏதாவது நடந்தால் வாருங்கள். இல்லையென்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனில் தேடுவதை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள்.

சரி, வீட்டில் சமத்தாக இருப்பவன் கடையில் ஏன் இப்படி?

வீட்டில் அம்மாயியோடு இருக்கும்போது ஒரு நாளில் எத்தனை முறை 'வேண்டாம்' கேட்கிறான் என்று யோசியுங்கள். தொடக்கூடாதது பரண்மேல் போய்விட்டது, பசித்தால் உடனே பால், தூக்கம் வந்தால் மடி. கடையில் அவனிடம் நாம் கேட்பது மூன்று: கையைப் பிடித்துக்கொண்டே வா, எதையும் தொடாதே, காத்திரு. ஆசையைப் பிடித்து நிறுத்துகிற மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு வயதில் அது அப்போதுதான் வேலை செய்யத் தொடங்குகிறது, களைப்பிலும் பசியிலும் முதலில் கைவிடுவதும் அதுதான். ஊரார் முன் உங்களை அவமானப்படுத்தத் திட்டம் போடுகிற அளவுக்கு அவனுக்கு இன்னும் மூளை வளரவில்லை.

இந்த வயதுப் பெற்றோர் என்னிடம் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பத்து மணிக்கு ஒரு டம்ளர் பால். பதினொன்றரைக்குப் பஸ், நிற்க இடமில்லாத கூட்டம். பன்னிரண்டு மணிக்கு ஜவுளிக்கடை. அம்மா சேலை பார்க்கிறாள், அவனுக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை. கண்ணைக் கூசும் விளக்கு, மைக்கில் விளம்பரம், பெரியவர்களின் முழங்கால். ஒரு மணி, வீட்டில் இருந்தால் தூங்கியிருப்பான். ஒன்றரைக்குச் சூப்பர் மார்க்கெட், பில் போடும் வரிசை. அவன் கண் உயரத்தில், கை எட்டும் தூரத்தில் சாக்லேட்டும் முட்டை வடிவப் பொம்மை மிட்டாயும் அடுக்கியிருக்கிறது. அங்கே வைத்திருப்பதே அவனுக்காகத்தான். எடுக்கிறான், நீங்கள் பிடுங்கி வைக்கிறீர்கள், தரையில் விழுகிறான்.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். பின்னால் நிற்பவர் "பாவம், வாங்கிக் குடுத்திருங்க" என்கிறார். உதடு நீலமான நாள் உங்கள் கண்முன் வருகிறது. அப்பா சாக்லேட்டை எடுத்துப் பில்லில் போட்டுவிடுகிறார். வீட்டில் அழுதால் கிடைக்காதது இங்கே கிடைத்துவிட்டது. அதுவும் எல்லா வாரமும் அல்ல, சில வாரம் கிடைக்கும், சில வாரம் கிடைக்காது. எப்போதாவது பலித்தால் போதும், அந்தப் பழக்கம் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அவன் சூழ்ச்சி செய்யவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு அழுதால் பலிக்கிறது என்று அவன் உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது. கற்றுக்கொடுப்பது கூட்டத்தின் பார்வையும் உங்கள் பயமும்.

ஆகவே நேரத்தை மாற்றுங்கள். மதியம் தூங்கி எழுந்து, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு நாலு மணிக்குக் கிளம்புங்கள். சேலை எடுக்கப் போகும் அன்று அவன் அம்மாயியோடு இருக்கட்டும். அரை மணியில் முடிகிற மளிகைக்கு மட்டும் கூட்டிப்போங்கள். உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள்: "இன்னைக்குச் சாக்லேட் இல்லை கண்ணு, பழம் வாங்கலாம், நீ பையில் போடு." தக்காளியை ஒவ்வொன்றாகப் பையில் போடுகிற பிள்ளைக்கு உருள நேரமிருக்காது. பில் போடும்போது ஒருவர் வரிசையில் நில்லுங்கள், இன்னொருவர் அவனை வெளியே வைத்திருங்கள்.

அப்படியும் விழுந்துவிட்டால் ஒரே வாக்கியம்: "வேணும்னு இருக்கு, இன்னைக்கு இல்லை." தூக்கிக்கொண்டு வெளியே வந்து ஓரமாக உட்காருங்கள். அதன் பிறகு பேசாதீர்கள். கத்தலும் உதைப்பதும் உச்சத்தில் இருக்கும்போது எந்தச் சொல்லும் உள்ளே இறங்காது. ஏன் அழறே, என்ன வேணும் என்று கேட்கக் கேட்க நீளும். சில நிமிடத்தில் கோபம் வடிந்து குரல் மாறும். வீறிடல் போய்த் தேம்பல் வரும், உங்களைத் தேடும். அப்போது அணைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட் மட்டும் வேண்டாம். நடுவில் மூச்சு நின்று துவண்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தெளிந்ததும் அணையுங்கள், அப்போதும் சாக்லேட் கிடையாது. நீங்கள் கல்நெஞ்சாக இருக்கச் சொல்லவில்லை. மூச்சு நின்றதற்குப் பிறகு கேட்டதெல்லாம் கிடைக்கிற வீட்டில் மூச்சு நிற்கும்வரை போகிற அழுகை அதிகமாகும், அதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சிரப் பாட்டிலைக் குப்பையில் போடுங்கள். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்லிவிட்டது. சளி இல்லாத பிள்ளைக்குத் தூங்க வைக்க அதைக் கொடுப்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது. சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் துள்ளலையும் எரிச்சலையும் கொடுக்கும், சிலருக்கு மூச்சை மந்தமாக்கும். ஏற்கெனவே ஒருமுறை நீலமான பிள்ளைக்கு இதையா கொடுப்பது?

ஒன்று எச்சரித்துவிடுகிறேன். நீங்கள் உறுதியாக நிற்கத் தொடங்கும் முதல் இரண்டு மூன்று ஞாயிறு அழுகை கூடும், குறையாது. முன்பு பலித்தது இப்போது பலிக்கவில்லையே என்று இன்னும் ஓங்கி அழுவான். பெரும்பாலான வீடுகளில் அந்த இடத்தில்தான் சாக்லேட் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள், அவனும் இனி இவ்வளவு நேரம் அழ வேண்டும் என்று கற்றுக்கொள்கிறான். அதனால் வீட்டில் மூன்று பேரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முக்கியமாக அம்மாயியிடம் சொல்லுங்கள்: கடையிலிருந்து அழுது திரும்பியவனுக்கு, பாவம் என்று மடியிலிருந்து எடுத்து நீட்டும் மிட்டாயும் அந்தக் கணக்கில்தான் சேரும்.