கட்டுரை அளவுகோலை மாணவருக்குப் புரியும் தமிழில் எழுதுவது: கேள்வி பதில்

உயர்நிலை 2 தமிழாசிரியை: கட்டுரைக்கு நிலைவாரியாக மதிப்பெண் போடும் எங்கள் அளவுகோல் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழாக்கினால் 'கருத்து விரிவாக்கம்' வரிசையில் 'முழுமையாக', 'பெரும்பாலும்', 'ஓரளவு', 'குறைவாக' என்பதுதான் வித்தியாசம். பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

விழிக்கத்தான் செய்வார்கள். பல கட்டுரைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசிரியருக்குத்தான் அந்தச் சொற்கள் உதவும். மாணவர் கையில் இருப்பது ஒரே கட்டுரை.

மதிப்பெண் போட்ட பழைய தாள்களில் நிலைக்கு இரண்டு எடுத்து, பெயரை மறைத்து, எது அவற்றைப் பிரிக்கிறது என்று பாருங்கள். 'வகுப்பறையில் கைத்தொலைபேசி தேவையா' என்ற தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். அடிநிலைத் தாள், 'கவனம் சிதறும், அது நல்லதல்ல' என்று சொல்லி நின்றுவிடும். அடுத்தது, குறுஞ்செய்தி வந்ததும் கண் திரைக்குப் போவதைக் காரணமாகச் சொல்லும். அதற்கும் மேலே உள்ளது, கணிதப் பாடத்தில் அப்படி ஒருவர் ஒரு படியைத் தவறவிட்டு அடுத்த கணக்கிலும் தடுமாறியதைக் காட்டும். இவை அப்படியே உங்கள் வரிகளாகிவிடும்: 'கருத்தை மட்டும் சொன்னேன்', 'ஏன் என்றும் சொன்னேன்', 'நிகழ்வு ஒன்றால் விளக்கினேன்'.

மேல்நிலைக்கு 'மறுதரப்புக்கும் பதில் சொன்னேன்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். மூலத்தில் அது கேட்கப்படாவிட்டால் எழுதாதீர்கள். இல்லாத நிபந்தனையைச் சேர்த்ததாகிவிடும். முடித்ததும், ஆங்கில மூலத்தைப் பார்க்காத சக ஆசிரியர் ஒருவர் தமிழ் வரிகளை மட்டும் வைத்து அதே தாள்களைத் திருத்தட்டும். அவர் வேறு நிலை கொடுத்தால் அந்த வரியை மாற்றுங்கள்.

துணைப்பாட ஆசிரியர்: நான் '3 கருத்து, 3 எடுத்துக்காட்டு' என்று எண்ணிக்கை போட்டுவிடுவேன். யாருக்கும் குழப்பமில்லை.

பாதி சரி. எழுதத் திணறும் பிள்ளைக்கு எண் ஒரு பிடிமானம். ஆனால் ஒரே கருத்தை ஆழமாக எழுதியவரை அது கீழே தள்ளும். ஒட்டாத 3 எடுத்துக்காட்டுகளை அடுக்கியவர் மேலே போய்விடுவார். எண்ணைச் சரிபார்ப்புப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள், அளவுகோலில் வேண்டாம்.

ஒரு பெற்றோர்: மகன் தொடக்கநிலை 6. பிஎஸ்எல்இ-யில் ஓர் எழுத்துப்பிழைக்கு எத்தனை மதிப்பெண் போகும்?

இங்கே பேசுவது பள்ளிக்குள் பயன்படும் அளவுகோலைப் பற்றி, அம்மா. தேர்வு பற்றி மகனுடைய ஆசிரியரைக் கேளுங்கள். பொதுவாக, நிலைவாரியாகத் திருத்தும்போது பிழைக்கு இவ்வளவு என்று கழிப்பதில்லை. பிழைகள் பொருள் புரியாதபடி தடுக்கின்றனவா என்றுதான் பார்ப்போம்.

பயிற்சி ஆசிரியர்: கதைக் கட்டுரையில் பாத்திரங்கள் பேச்சுத்தமிழில் பேசினால் 'மொழி' வரிசையில் பிழையா?

மேற்கோள் குறிக்குள் இருந்தால் நான் பிழையாக எடுப்பதில்லை. எங்கள் துறையிலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், இன்னும் வாதம் ஓயவில்லை. உங்கள் பள்ளி எந்தப் பக்கம் என்பதை அளவுகோலிலேயே ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். தாள் திரும்பி வந்த பிறகு மாணவர் அதைத் தெரிந்துகொள்வது நியாயமில்லை.