யூரோ தீர்ப்புக்கு எந்தத் தேதியின் ரேட்?

*ஐயா, ஜெர்மானியக் கம்பெனி ஒன்றிடம் இயந்திரம் வாங்கியதில் தகராறு. 2019-ல் சிங்கப்பூரில் நடந்த நடுவர் விசாரணையில் நாங்கள் 1,20,000 யூரோ தர வேண்டும் என்று தீர்ப்பானது. அன்று யூரோ 78 ரூபாய். இங்கே உயர் நீதிமன்றத்தில் ஆட்சேபித்தோம். கோர்ட் உத்தரவுப்படி 2020-ல் 40 லட்சம் ரூபாய் டெபாசிட் செய்தோம். அன்று 80. 2024-ல் ஆட்சேபம் தள்ளுபடியானது. அன்று 90. மேலே போகவில்லை. இப்போது 103. இன்றைய ரேட்டில்தான் மிச்சம் வேண்டும் என்கிறார்கள். நாங்கள் 78 என்கிறோம். யார் சொல்வது சரி?*
*— இயந்திர உதிரிபாகத் தயாரிப்பாளர்*

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. உங்கள் கணக்குக்கு இரண்டு ரேட் வரும். டெபாசிட் செய்த 40 லட்சத்துக்கு 80, மிச்சத்துக்கு 90.

முதலில் 78 ஏன் கிடையாது என்று பார்ப்போம். வெளிநாட்டில் பிறந்த நடுவர் தீர்ப்பு, வந்த அன்றே இந்தியாவில் டிக்ரி, அதாவது நிறைவேற்றத்தக்க கோர்ட் ஆணை, ஆகிவிடுவதில்லை. 1996-ம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 48-வது பிரிவில் நீங்கள் ஆட்சேபம் சொல்லலாம். அது எடுபடாமல் போய், இந்தத் தீர்ப்பை நிறைவேற்றலாம் என்று கோர்ட் திருப்தி அடைந்த பிறகுதான், 49-வது பிரிவின்படி அது அந்தக் கோர்ட்டின் டிக்ரியாகவே கருதப்படும். உங்கள் விஷயத்தில் அது நடந்தது 2024-ல்.

டிக்ரி தேதி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஃபொராசோல் என்ற பிரெஞ்சுக் கம்பெனிக்கும் ஓ.என்.ஜி.சி.-க்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983-ல் ஐந்து தேதிகளை எடுத்து வைத்துப் பார்த்தது: பணம் தர வேண்டியிருந்த நாள், வழக்குப் போட்ட நாள், கோர்ட் டிக்ரி தந்த நாள், அதை நிறைவேற்ற உத்தரவான நாள், பணம் உண்மையில் கைக்கு வந்த நாள். முதல் தேதியை எடுத்தால், ரூபாய் சரியச் சரிய, இழுத்தடிக்கும் கடனாளிக்குக் கொண்டாட்டம். கடைசித் தேதியை எடுத்தால், டிக்ரியில் எத்தனை ரூபாய் என்றே எழுத முடியாது. கோர்ட் கட்டணம் எவ்வளவு, எவ்வளவுக்கு ஜப்தி என்று எதுவும் நிலையாக நிற்காது. அதனால் டிக்ரி நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பீல் போய் அங்கும் பணம் கேட்டவர் பக்கமே முடிவானால், அப்பீல் முடிவான நாளின் ரேட்டுக்கு டிக்ரி திருத்தப்படும். நீங்கள் மேலே போகாததால் 2024 அப்படியே நிற்கிறது.

எதிர்த்தரப்பு இன்றைய ரேட்டைக் கேட்பதற்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, ஒரு சுவிஸ் ஃபிராங்க் கடன் வழக்கில், தீர்ப்பை நிறைவேற்றக் கோர்ட் அனுமதி தரும் தேதியின் ரேட்டைத்தான் எடுக்க வேண்டும் என்றது. அந்த அனுமதி எவ்வளவு தாமதமாகக் கிடைக்கிறதோ, அவ்வளவுக்கு ரேட்டும் பின்னால் தள்ளிப் போகும். நம் உச்ச நீதிமன்றம் அதை அலசிவிட்டு, தெரிந்தே வேறு பாதையில் போனது. எனவே 2024-க்குப் பிறகு ரூபாய் இறங்கியதன் நஷ்டம் அவர்களுடையது. தலைகீழாக ரூபாய் ஏறியிருந்தாலும் நீங்கள் 90 ரேட்டில்தான் கட்டியிருப்பீர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி டெபாசிட். உங்களுக்கு லாபம் ஒளிந்திருப்பது இங்கேதான். டி.எல்.எஃப். நிறுவனத்துக்கும் கோன்சார் என்ற குரோஷியக் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அங்கே யூரோ தீர்ப்பு 2004-ல் வந்தது, 2010-ல் ஏழரைக் கோடி ரூபாய் கோர்ட்டில் கட்டப்பட்டது, ஆட்சேபங்கள் 2014 ஜூலை 1 அன்று இறுதியாகத் தள்ளுபடியாயின. கட்டிய ஏழரைக் கோடிக்கு டெபாசிட் தேதி ரேட், மீதிக்கு 2014 ரேட் என்று முடிவானது. உத்தரவாதம் கொடுத்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ள வெற்றி பெற்றவருக்கு அனுமதி இருந்தது, அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அன்றைய ரேட்டிலேயே யூரோவாக்கியிருக்கலாமே, எடுக்காமல் விட்டுவிட்டுப் பிறகு ரேட் ஏறியதைக் கடனாளி தலையில் கட்டுவது எப்படி நியாயம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். வட்டியை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன். 40 லட்சத்தை 80-ஆல் வகுத்தால் 50,000 யூரோ. அதுவரை கடன் கழிந்தது. மிச்சம் 70,000 யூரோ, அதை 90-ஆல் பெருக்கினால் 63 லட்சம் ரூபாய். எல்லாவற்றையும் 90-ல் மாற்றிவிட்டு 40 லட்சத்தைக் கழித்தால் 68 லட்சம் வரும். இந்த ஐந்து லட்சம் வித்தியாசம் டெபாசிட் தேதியால் மட்டுமே வருகிறது. அவர்கள் கேட்கும் 103-ல் 83 லட்சத்து 60 ஆயிரம். உங்கள் 78-ல் 53 லட்சத்து 60 ஆயிரம்.

ஆனால் 80 ரேட் தானாக வந்துவிடாது. 2020 உத்தரவை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். பணத்தை எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளலாம் என்ற வரி இருக்கிறதா? வங்கி உத்தரவாதம் கொடுத்து எடுக்கலாம் என்ற நிபந்தனை இருந்தாலும் பரவாயில்லை. அது பிடிக்கவில்லையென்றால் நிபந்தனையை மாற்றக் கேட்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. வழக்கு முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று பூட்டி வைக்கச் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. அந்தப் பணம் அவர்கள் கைக்கு எட்டவே இல்லை என்று அவர்கள் வாதிடலாம், அந்த வாதத்தில் பலம் இருக்கும். ரொக்கத்துக்குப் பதில் வங்கி உத்தரவாதம் மட்டும் கொடுத்திருந்தாலும் இந்தச் சலுகையை நான் எதிர்பார்க்க மாட்டேன். அதில் பணம் எதுவும் கை மாறவில்லையே.

வட்டியையும் யூரோவிலேயே கணக்குப் போட்டு, அப்புறம் ரூபாயாக்குங்கள். கட்டிய பணத்தை முதலில் வட்டிக்கும் செலவுக்கும், பிறகே அசலுக்கும் வரவு வைப்பது வழக்கம். அதனால் 50,000 யூரோ முழுவதும் அசலில் கழிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் உண்மையான மிச்சம் 63 லட்சத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

ரேட்டுக்கு ஆதாரம் வேண்டும். இணையத்தில் பார்த்த ஏதோ ஒரு எண்ணைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதாதீர்கள். யூரோவுக்கான குறிப்பு விகிதத்தை 2018 ஜூலை முதல் எஃப்.பி.ஐ.எல். என்ற ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா நிறுவனம் வெளியிடுகிறது, அதற்கு முன் ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. இரண்டு தேதிகளுக்கும் அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாள். உங்கள் வங்கி விற்கும் ரேட் இதைவிடச் சற்று அதிகமாக இருக்கும். எதிர்த்தரப்பு அதைக் காட்டினால் கவனியுங்கள்.

கடைசியாக, சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்று அவர்களுடைய ஜெர்மனிக் கணக்குக்கு நேரே 70,000 யூரோ அனுப்பிவிடாதீர்கள். இன்று அதை வாங்க உங்களுக்கு 72 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் ஆகும். டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டில் ரூபாயாகக் கட்டி, கட்டிய விவரத்தை எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எழுத்தில் நோட்டீஸாக அனுப்பி, அதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.